‘5 லிட்டர் குக்கர்’ என்று தேடினால் 3 லிட்டர் ஏன் வருகிறது? தலைப்பில் அளவு எழுதும்போது வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

பாத்திரக் கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் இணையக் கடையில் பொருள் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். எல்லாமே வேர்ட்பிரஸ் மேல் ஓடும் வூகாமர்ஸ் கடைகள். வருகிற புகார்களில் பாதி அளவைப் பற்றியவை. கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்காரர் ஒருவர் ஒருநாள் காலையிலேயே கூப்பிட்டார். “தம்பி, அஞ்சு லிட்டர் குக்கர் கடையில பதினாலு இருக்கு. நெட்ல போட்டுப் பார்த்தா ஒண்ணுகூட வரமாட்டேங்குது. என்னத்தை ஏத்துனீங்க?” அவர் திட்டியதில் நியாயம் இருந்தது. அன்று பிடித்த தவறுகளையும் அதற்குப் பிறகு மற்ற கடைகளில் பார்த்தவற்றையும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

அதற்கு முன் தேடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தனியாகத் தேடல் செருகுநிரல் எதுவும் போடாத கடையில் வேர்ட்பிரஸின் சொந்தத் தேடல்தான் ஓடும். வாடிக்கையாளர் அடித்ததை அது இடைவெளி, காற்புள்ளி இருக்கும் இடங்களில் துண்டாக்கும். ஒவ்வொரு துண்டும் பொருளின் தலைப்பிலோ சுருக்க விவரத்திலோ முழு விவரத்திலோ எங்காவது இருக்கிறதா என்று பார்க்கும். எல்லாத் துண்டும் கிடைத்தால்தான் பொருள் பட்டியலில் வரும். தேடுவது முழுச் சொல்லை அல்ல, எழுத்துத் தொடரை. ‘5’ என்று தேடினால் 15-க்குள் இருக்கும் 5-உம் அதற்குப் பொருத்தம்தான். இன்னொன்று பலருக்குத் தெரியாது: தனியாக நிற்கும் ஒற்றை ஆங்கில எழுத்தை அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். `5 l cooker` என்று அடித்தால் தேடப்படுவது `5`, `cooker` இரண்டு மட்டுமே. நடுவில் இருக்கும் `l` குப்பைக்குப் போய்விடும்.

கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு பத்தியில் இருந்தே கிளைப்பவை.

## அறிகுறி: பொருள் இருக்கிறது, தேடினால் ‘எதுவும் கிடைக்கவில்லை’

கும்பகோணத்துக் கடையின் கதை இதுதான். அங்கே குக்கர்களின் தலைப்பு இப்படி இருந்தது:

```
Pressure Cooker Aluminium 5L
Aluminium Cooker Outer Lid 5Ltr
S.S. Cooker 5 Lt.
குக்கர் அலுமினியம் 5லி
```

நான்கு பெட்டியிலிருந்து நான்கு பேர் பார்த்து அடித்தது. இப்போது வாடிக்கையாளராக மாறி ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். `5 litre cooker` என்று அடித்தால் `litre` என்ற தொடர் நான்கிலும் இல்லை, எனவே பூஜ்யம். `5L cooker` என்று ஒட்டி அடித்தால் முதல் இரண்டு வரும். `5Ltr` என்பதற்குள் `5L` ஒளிந்திருப்பதால் இரண்டாவதும் பிழைத்துக்கொண்டது. மூன்றாவதில் 5-க்கும் L-க்கும் நடுவே இடைவெளி இருப்பதால் வராது. ‘5 லிட்டர் குக்கர்’ என்று தமிழில் அடித்தால் நான்காவதுகூட வராது. ‘லி’ என்பதற்குள் ‘லிட்டர்’ இல்லையே.

இதில் எந்த வடிவம் சரி என்று சண்டை போட்டுப் பயனில்லை. தலைப்பு ஒரே வடிவத்தில் இருக்கட்டும், மற்ற வடிவங்கள் சுருக்க விவரத்தில் ஒரே ஒரு வரியில் இருக்கட்டும். தேடல் இரண்டையும் படிக்கும். நாங்கள் மாற்றியபின் இப்படி ஆனது:

```
தலைப்பு:        அலுமினிய பிரஷர் குக்கர் 5 லிட்டர்
சுருக்க விவரம்:  Aluminium pressure cooker 5 litre / 5 liter / 5 Ltr / 5L
```

தலைப்பு தமிழில் இருந்தால் `cooker` என்ற ஆங்கிலச் சொல்லும் கீழ்வரியில் கட்டாயம் வேண்டும். எல்லாத் துண்டும் பொருந்த வேண்டும் என்பதால், அளவைச் சரியாக எழுதிவிட்டுப் பெயரைத் தமிழில் மட்டும் வைத்தால் `5 litre cooker` மறுபடியும் பூஜ்யம்தான். `litre`, `liter` இரண்டையும் போட்டிருப்பதைக் கவனியுங்கள். போனில் அடிப்பவர்கள் இரண்டையும் அடிக்கிறார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பற்றிக் கவலை வேண்டாம். `KG`, `Kg`, `kg` மூன்றும் இந்தத் தேடலுக்கு ஒன்றே.

பொருள் யாழ்ப்பாணம், கொழும்பு வாடிக்கையாளர்களுக்கும் போகிறது என்றால் அந்த வரியில் ‘லீற்றர்’ என்பதையும் சேருங்கள். அங்கே ‘லிட்டர்’ என்று அடிப்பவர் குறைவு.

மளிகையில் இதே கோளாறு வேறு முகத்தோடு வரும். நம் ஊரில் நெய்யை யாரும் 500 கிராம் என்று கேட்பதில்லை, அரை கிலோ என்றே கேட்பார்கள். அப்படியேதான் தேடல் பெட்டியிலும் அடிக்கிறார்கள். 250 கிராம் பொருளுக்குக் ‘கால் கிலோ’, 500 மி.லி. எண்ணெய்க்கு ‘அரை லிட்டர்’, ஒன்றரை லிட்டர் சொம்புக்கு ‘ஒன்றரை லிட்டர்’ என்று கீழ்வரியில் எழுதிவிடுங்கள். `½` என்ற ஒற்றைக் குறியைத் தலைப்பில் போடாதீர்கள். போன் விசைப்பலகையில் அதைத் தேடி எடுத்து அடிக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

நூற்றுக்கணக்கில் பொருள் இருந்தால் கையால் திருத்த வேண்டாம். பட்டியலைக் கூகுள் ஷீட்ஸில் திறந்து பக்கத்து நெடுவரிசையில் இதைப் போடுங்கள்:

```
=REGEXREPLACE(SUBSTITUTE(A2,CHAR(160)," "),
 "(?i)(\d)\s*(litres?|liters?|ltrs?|lts?|l)\b\.?","$1 லிட்டர்")
```

உள்ளே இருக்கும் `SUBSTITUTE` அலங்காரத்துக்கு அல்ல. சப்ளையர் அனுப்பும் பிடிஎஃப்பில் இருந்தோ இணையப் பக்கத்தில் இருந்தோ நகலெடுத்தால், எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே சாதாரண இடைவெளிக்குப் பதில் உடையாத இடைவெளி என்ற வேறு குறி வந்து உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. `TRIM` அதை நீக்காது, `\s` அதைப் பிடிக்காது. முதலில் அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டால்தான் மற்றது ஓடும்.

சூத்திரம் ஓடியதும் அப்படியே ஒட்டிவிடாமல் ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். `CB5L` மாதிரி மாடல் எண் இருந்தால் அது ‘CB5 லிட்டர்’ ஆகியிருக்கும்.

## அறிகுறி: எழுத்துக்கு எழுத்து அதே சொல், ஆனாலும் வரவில்லை

இது என்னை ஒரு முழு மாலை சுற்றலில் விட்ட கோளாறு. மளிகைக் கடை ஒன்றில் ‘பொன்னி அரிசி 25 கிலோ’ என்று ஒரு சிப்பம். தலைப்பில் ‘25 கிலோ’ என்று பளிச்சென்று தெரிகிறது. தேடலில் ‘25 கிலோ’ என்று அடித்தால் மற்ற அரிசிகள் வருகின்றன, இது வரவில்லை. ‘பொன்னி’ என்று அடித்தாலும் வரவில்லை. ‘அரிசி’ என்று அடித்தால் வருகிறது.

காரணம் ‘லோ’ என்ற எழுத்து. கணினியில் அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘ல’ போட்டு அதன்மேல் ‘ோ’ என்ற ஒரே குறியை வைப்பது ஒரு விதம். ‘ல’ போட்டு ‘ே’, ‘ா’ என்று இரண்டு குறிகளைத் தனித்தனியாக வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் எழுத்தெழுத்தாக ஒப்பிடும் தேடலுக்கு அவை வேறு வேறு. ‘பொன்னி’யில் இருக்கும் ‘பொ’வுக்கும் இதே கதி. பழைய எழுத்துருக்களில் இருந்து மாற்றிய பட்டியல்களிலும் பிடிஎஃப்பில் இருந்து எடுத்தவற்றிலும் இந்த உடைந்த வடிவம் அடிக்கடி வரும். அளவுச் சொற்களில் ‘லிட்டர்’, ‘கிராம்’, ‘செ.மீ.’ தப்பித்துவிடும். அடி வாங்குவது ‘கிலோ’ ஒன்றுதான், அதுவும் மளிகையில் அதிகம் புழங்கும் சொல்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. சந்தேகப்படும் தலைப்பில் இருந்து ‘கிலோ’ என்ற சொல்லை மட்டும் நகலெடுத்து ஒரு கட்டத்தில் ஒட்டி, `=LEN(A2)` போடுங்கள். சரியான ‘கிலோ’ என்றால் 4 வரும்: க, ி, ல, ோ. 5 வந்தால் உடைந்தது. சரிசெய்ய:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(A2,
 UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019)),
 UNICHAR(3014)&UNICHAR(3006),UNICHAR(3018))
```

3015 என்பது ‘ே’, 3006 என்பது ‘ா’, 3019 என்பது சேர்ந்த ‘ோ’. வெளியே இருக்கும் இரண்டாவது மாற்றம் ‘ொ’வுக்கு. இதைத் தலைப்பு, சுருக்க விவரம், முழு விவரம் மூன்றுக்கும் ஓட்டுங்கள். திருத்திய பட்டியலை மறுபடி ஏற்றும்போது, இறக்குமதிப் பக்கத்தில் `Update existing products` என்ற கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். இருக்கும் பொருளைப் பொருள் எண்ணையோ சரக்குக் குறியீட்டையோ வைத்துத்தான் அது அடையாளம் காணும்.

## அறிகுறி: கேட்டது 5 லிட்டர், வந்தது 3 லிட்டரும் 15 லிட்டரும்

வருவது வராததைவிட மேல் என்று இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் நாற்பது குக்கரை உருட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

15, 25, 1.5 எல்லாம் வருவதற்குக் காரணம் மேலே சொன்னதே: ‘5’ அவற்றுக்குள் இருக்கிறது. 3 லிட்டர் குக்கர் ஏன் வருகிறது? கும்பகோணத்துக் கடையில் அந்தக் குக்கரின் விவரப் பக்கத்தைத் திறந்து உலாவியில் 5 என்று தேடினேன். கடைசி வரியில் இருந்தது: ‘5 ஆண்டு உத்தரவாதம்.’ ‘லிட்டர்’ தலைப்பில் கிடைத்தது, ‘5’ உத்தரவாதத்தில் கிடைத்தது. தேடலுக்கு அது போதும்.

நான் வைத்திருக்கும் விதி இதனால் வந்தது. விவரத்தில் எண்ணை இலக்கமாக எழுதுவது அளவுக்கு மட்டும். மற்ற எண்ணெல்லாம் எழுத்தில்: ‘ஐந்து ஆண்டு உத்தரவாதம்’, ‘மூன்று அடுக்கு அடிப்பாகம்’, ‘இரண்டு பேருக்குப் போதுமானது’. கடையின் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு பொருளின் விவரத்திலும் ஒட்டி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பத்து இலக்கத்தில் ஒற்றை இலக்க எண்கள் பலவும் வந்துவிடும், அப்புறம் அவற்றில் எதைத் தேடினாலும் எல்லாப் பொருளும் வரும். அதைப் பக்கத்தின் அடியில் வைப்பதே முறை. வரிக்கான பொருள் குறியீட்டு எண்ணும் விவரத்தில் வேண்டாம்.

வரிசையையும் கொஞ்சம் நம் பக்கம் திருப்பலாம். வாடிக்கையாளர் அடித்த முழுத் தொடரும் தலைப்பில் அப்படியே இருந்தால் அந்தப் பொருளைத் தேடல் முன்னால் வைக்கும். துண்டுகள் எல்லாம் தலைப்பிலேயே இருப்பவை அடுத்து. விவரத்தில் மட்டும் கிடைப்பவை கடைசியில். ஆகவே அளவு தலைப்பில் இருந்தே ஆக வேண்டும், விவரத்தில் மட்டும் இருந்தால் போதாது. நம் மக்கள் ‘5 லிட்டர் குக்கர்’ என்று அளவை முன்னால் வைத்துத்தான் அடிக்கிறார்கள், ‘குக்கர் 5 லிட்டர்’ என்று அடிப்பவர் சிலரே. எனவே இப்போது புதிதாக ஏற்றும் தலைப்புகளை ‘5 லிட்டர் குக்கர், அலுமினியம், வெளிமூடி’ என்று தொடங்குகிறேன். பார்க்க அவ்வளவு அழகில்லை என்று ஒரு கடைக்காரர் முகம் சுளித்தார். போகட்டும் என்றுவிட்டேன்.

ஆனால் ‘15 லிட்டர் குக்கர்’ என்பதற்குள்ளும் ‘5 லிட்டர் குக்கர்’ அப்படியே இருக்கிறதே? ஆமாம், அதை எழுத்து முறையால் தீர்க்க முடியாது. தேடலே முழுச் சொல்லாக ஒப்பிட வேண்டும். அதற்கு முழுச்சொல் தேடல் வசதியுள்ள செருகுநிரல் வேண்டும், இல்லாவிட்டால் அளவை டிக் செய்து பொருளைப் பிரித்துப் பார்க்கும் வடிகட்டியை ஒழுங்காக வைத்து வாடிக்கையாளரை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். ஓட்டல், கல்யாண மண்டபங்களுக்கான பெரிய பாத்திரம் விற்காத கடையில் இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது.

## அறிகுறி: வடிகட்டியில் ஒரே அளவு நாலு தடவை

தேடலைவிட இங்கேதான் மோசமான நிலைமையைப் பார்த்திருக்கிறேன். ஒரு கடையின் கொள்ளளவு வடிகட்டி இப்படி இருந்தது:

```
000 ml   1   1 L   1 Ltr   1.0 L   10 L   1000ml   2 L   500 ml
```

ஒரு லிட்டர் பாத்திரம் வேண்டும் என்பவர் எதை டிக் செய்வார்? ‘1 L’ போட்டால் ‘1 Ltr’ என்று ஏற்றியவை மறைந்துபோகும். வடிகட்டிக்கு 1000 மி.லி.யும் 1 லிட்டரும் ஒன்று என்று தெரியாது. அது கணக்குப் போடுவதில்லை, சொல்லைத்தான் பார்க்கிறது.

முதலில் அந்த விசித்திரமான `000 ml`. இது எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரும் கேட்டார். யாரோ பட்டியலில் `1,000 ml` என்று காற்புள்ளியோடு எழுதியிருந்தார்கள். இறக்குமதியில், கொள்ளளவு போன்ற பண்பின் மதிப்பை எழுதும் நெடுவரிசையில் காற்புள்ளி என்றால் ‘இது வேறு மதிப்பு’ என்று பொருள். ஆகவே `1` ஒரு மதிப்பு, `000 ml` இன்னொரு மதிப்பு. அளவில் காற்புள்ளியே வேண்டாம். தலைப்பிலும் வேண்டாம்: `1000` என்று தேடுபவருக்கு `1,000` கிடைக்காது.

மற்றவற்றைச் சரிசெய்யும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. `Products`, `Attributes` பக்கத்தில் கொள்ளளவைத் திறந்ததும் வேண்டாத `1 Ltr`-ஐ அழிக்கத்தான் கை போகும். அழிக்காதீர்கள். அழித்தால் அந்த மதிப்போடு இருந்த பொருள்களுக்குக் கொள்ளளவே இல்லாமல் போய்விடும், பிறகு எவை என்று தேடிப் பிடிக்க வேண்டும். மதிப்புக்கு எதிரே எத்தனை பொருள் என்று ஒரு எண் இருக்கும். அதைச் சொடுக்கினால் அந்தப் பொருள்கள் மட்டும் வரும். அவற்றை `1 L`-க்கு மாற்றி, எண் பூஜ்யமான பிறகே அழியுங்கள். பொருள்கள் அதிகம் என்றால் ஏற்றுமதி செய்து, பட்டியலில் மாற்றி, திரும்ப ஏற்றுங்கள்.

ஒரே பாத்திரத்தை 1, 2, 3 லிட்டர் என்று தேர்ந்தெடுக்கும் வகையில் விற்கும் பொருளாக இருந்தால் இன்னும் கவனம். அங்கே ஒவ்வொரு தேர்வும் மதிப்பின் உள்பெயரோடு கட்டப்பட்டிருக்கும். காட்டும் பெயரை மட்டும் திருத்தி, `Slug` என்று இருக்கும் அந்த உள்பெயரைத் தொடாமல் விட்டால் பாதிப்பு இல்லை.

வரிசை 1, 10, 2 என்று வருவது அகரவரிசையால். பண்பைத் திருத்தும் பக்கத்தில் `Default sort order` என்று ஒரு தேர்வு உண்டு. அதை `Name (numeric)` ஆக்கினால் எண் வரிசையாகும். ஆனால் அது முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் பார்க்கும், `500 ml` போய் `10 L`-க்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். பாத்திரக் கடைக்கு நான் எல்லாவற்றையும் லிட்டரிலேயே வைத்துவிடுகிறேன், அரை லிட்டர் என்றால் `0.5 L`. எண்ணெய், ஷாம்பு விற்கும் கடையில் யாரும் `0.2 L` என்று யோசிப்பதில்லை. அங்கே `200 ml` என்றே வைத்து, `Custom ordering` தேர்ந்து, கையால் இழுத்து வரிசைப்படுத்துகிறேன்.

அளவைப் பொருளுக்குள் எழுதியும் அது வடிகட்டியில் வரவே இல்லை என்றால், அதை அந்தப் பொருளின் பக்கத்தில் தனிப் பண்பாக அடித்திருப்பார்கள். கடை முழுமைக்கும் பொதுவாக உருவாக்கிய பண்புதான் வடிகட்டிக்குத் தெரியும். இறக்குமதிப் பட்டியலில் `Attribute 1 global` என்ற நெடுவரிசையில் 1 இருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி: பக்கத்தில் இருப்பதை நகலெடுத்துத் தேடினாலும் வரவில்லை

டிபன் தட்டு, செவ்வகத் தாம்பாளம் போன்றவற்றில் வரும். தலைப்பில் நீங்கள் அடித்தது `30x20 cm`, நடுவே சாதாரண ஆங்கில எக்ஸ். வேர்ட்பிரஸ் பக்கத்தில் காட்டும்போது மட்டும் அதை அழகுபடுத்தி `30×20` என்று பெருக்கல் குறியாக்கிக் காட்டும். சேமிப்பில் இருப்பது எக்ஸ்தான். வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்து நகலெடுத்து வாட்ஸப்பில் அனுப்ப, வாங்குபவர் அதைத் தேடினால் பெருக்கல் குறியும் எக்ஸும் பொருந்தாது.

`30 x 20 cm` என்று இரு பக்கமும் இடைவெளி விட்டு எழுதினால் அது மாற்றாமல் விட்டுவிடும். தேடும்போதும் ஒற்றை எழுத்து எக்ஸ் தள்ளப்பட்டு 30, 20, cm மூன்றும் தனித்தனியே பொருந்தும்.

அங்குலத்துக்கு `12"` என்று மேற்கோள் குறி போடும் வழக்கமும் இங்கே உண்டு. சிஎஸ்வி எனும் காற்புள்ளிப் பட்டியலில் மேற்கோள் குறி என்றால் கட்டத்தின் எல்லை. பட்டியலைக் கையால் திருத்தும்போது அது ஒற்றையாக மாட்டிக்கொண்டால், அதற்குப் பின் வரும் விலையும் விவரமும் ஒரே கட்டத்துக்குள் புகுந்துவிடும். ‘12 இன்ச்’ என்று எழுதுங்கள், கீழ்வரியில் `12 inch` போடுங்கள், முடிந்தது.

## அறிகுறி: கிடைத்தது, வாங்கினார், திருப்பி அனுப்பினார்

தேடலும் வடிகட்டியும் சரியாகவே வேலை செய்தன. ஆனால் எண் எதை அளந்தது என்று தலைப்பு சொல்லவில்லை. ‘கடாய் 24 செ.மீ.’ என்றால் வாயா, அடியா, கைப்பிடியோடு சேர்த்தா? மூடிகள் விற்கும் கடையில் இது இன்னும் வினை, 24 செ.மீ. வாய் உள்ள கடாய்க்கு 24 செ.மீ. வெளிவிட்டம் உள்ள மூடியை வாங்கினால் அது உள்ளே விழுந்துவிடும் அல்லது தள்ளாடும். ‘கடாய், வாய் விட்டம் 24 செ.மீ.’ என்று தலைப்பிலேயே எழுதுங்கள். வடிகட்டியிலும் ‘அளவு’ என்று ஒரே பண்புக்குள் விட்டம், உயரம், கொள்ளளவு மூன்றையும் கொட்டாமல், ‘வாய் விட்டம்’, ‘கொள்ளளவு’ என்று தனித்தனியாக வையுங்கள். கடாய்க்கு இரண்டும் வேண்டும், சிலர் செ.மீ.யிலும் சிலர் லிட்டரிலும் தேடுகிறார்கள்.

சென்டிமீட்டரைத் தலைப்பில் ‘செ.மீ.’ என்றே எழுதுகிறேன், கீழ்வரியில் `24 cm`, ‘24 செமீ’, ‘24 சென்டிமீட்டர்’. புள்ளி வைத்து அடிப்பவர் யாருமில்லை, அதனால்தான் புள்ளி இல்லாத வடிவமும்.

சின்ன `l` பற்றியும் ஒரு வார்த்தை. சில எழுத்துருக்களில் `1l` என்பது 11 போலவும் `5l` என்பது 51 போலவும் தெரியும். இந்தக் குழப்பத்துக்காகவே 1979-இல் எடை, அளவுகளுக்கான பன்னாட்டு மாநாடு லிட்டருக்குப் பெரிய `L`-ஐயும் குறியீடாக ஏற்றுக்கொண்டது. வடிகட்டியில் `L` மட்டும் போடுங்கள்.

கடைசியாக எண்ணெய் டின். ‘நல்லெண்ணெய் டின் 15’ என்று ஒரு தலைப்பு, அலகே இல்லை. வந்தது 15 லிட்டர் டின், வாங்கிய ஓட்டல்காரர் எதிர்பார்த்தது 15 கிலோ. எண்ணெய் பாக்கெட்டில் 1 L என்பதன் அருகே 910 g என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் 15 லிட்டர் என்பது 13.65 கிலோ. ஒரு டின்னுக்கு ஒன்றே கால் கிலோவுக்கும் மேல் குறைகிறது, அவர் மாதம் நாலு டின் எடுப்பவர்.

லேபிளில் எந்த அலகு முதலில் அச்சாகியிருக்கிறதோ அதையே தலைப்பில் எழுதுகிறோம் இப்போது. லேபிளில் இரண்டும் இருந்தால் இரண்டாவது சுருக்க விவரத்துக்குப் போகும்: ‘15 லிட்டர், எடை 13.65 கிலோ’. அப்போது ‘நல்லெண்ணெய் 15 கிலோ’ என்று தேடுபவருக்கும் இந்த டின் வரும், 15-உம் கிலோவும் அந்த வரியில் இருக்கின்றனவே. ஆனால் வந்ததும் தலைப்பில் ‘15 லிட்டர்’ என்று கண்ணில் படும். நாங்களாகப் பெருக்கிப் போடுவதில்லை. எண்ணெய்க்கு எண்ணெய் அடர்த்தி கொஞ்சம் மாறும், லேபிளில் இல்லாத எடையை எழுதினால் அதற்கும் நாமே பதில் சொல்ல வேண்டும்.

இந்தத் திருத்தத்தைப் பட்டியலில் செய்த அன்று இன்னொன்று நடந்தது. அளவுக்கென்று தனியாக வைத்திருந்த நெடுவரிசையில் யாரோ அரை லிட்டருக்கு `1/2` என்று அடித்திருந்தார்கள். ஷீட் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டது. ஏற்றியபின் வடிகட்டியைத் திறந்தால் 1 L, 2 L, 5 L, அவற்றுக்கு நடுவே ஒரு தேதி. இப்போதெல்லாம் ஷீட்டைத் திறந்ததும் அளவு நெடுவரிசையின் வடிவத்தை `Plain text` ஆக்கிவிட்டுத்தான் முதல் எழுத்தையே அடிக்கிறேன்.